யார் பேச்சுக்கு எழுத்துப்பிழை போடுகிறார்கள்?

ஒரு பழைய சிறுகதைத் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். எந்தத் தொகுப்பானாலும் சரி. அதில் பண்ணையாரும் பண்ணையாளும் பேசிக்கொள்ளும் இடம் ஒன்று நிச்சயம் இருக்கும். பண்ணையார் "நாளைக்கு வந்து பார்" என்பார். பண்ணையாள் "ஆவட்டுமுங்க சாமீ, வந்து பாக்குறேனுங்க" என்பான். இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். ஒரே காற்றில் ஒரே மொழியைக் கற்றவர்கள். பண்ணையாரும் நிஜத்தில் "நாளைக்கி வந்து பாரு" என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் வாயிலிருந்து வரும் சொல்லை ஆசிரியர் திருத்தி அச்சுக்கு அனுப்புகிறார். பண்ணையாள் வாயிலிருந்து வருவதை ஒலி ஒலியாகப் பிடித்து, கொஞ்சம் கூட்டியும் போடுகிறார். படிக்கிற நம் கண்ணுக்கு ஒருவர் தமிழ் பேசுகிறார், இன்னொருவர் தமிழைக் கெடுக்கிறார்.

தமிழில் யாருமே எழுதுவது போலப் பேசுவதில்லை. பேராசிரியரும் வீட்டில் "வந்துட்டான்" என்றுதான் சொல்வார், "வந்துவிட்டான்" என்று சொல்லமாட்டார். "மரம்" என்ற சொல்லின் கடைசி மகரத்தை நாம் யாரும் உதடு மூடிச் சொல்வதில்லை; அது மூக்கொலியாகக் கரைந்துவிடுகிறது. ஆனாலும் அதை "மரம்" என்றே எழுதுகிறோம், படிக்கிறவர் தானே சரியாக ஒலித்துக்கொள்கிறார். அப்படியானால் எழுத்தாளர் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு முடிவு எடுக்கிறார்: இவர் பேச்சைத் திருத்துவதா, அப்படியே விடுவதா, கூடுதலாகக் கோணலாக்குவதா? நாம் பேசப்போவது அந்த முடிவின் வரலாற்றை. கதை எழுத ஆசைப்படும் தோழர்கள் பலர் "வட்டார வழக்கில் எழுதினால் கேலியாகிவிடுமோ, எழுதாவிட்டால் பொய்யாகிவிடுமோ" என்று தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றத்துக்குப் பின்னால் நீண்ட சண்டை ஒன்று இருக்கிறது.

எது வழக்கு என்பதை உயர்ந்தோர் பேச்சை வைத்தே தீர்மானிக்க வேண்டும் என்று தொல்காப்பிய மரபியல் சொல்கிறது. உயர்ந்தோர் என்றால் அறிவால் உயர்ந்தவர் என்று உரைகாரர்களும் பண்டிதர்களும் விளக்கம் சொல்வார்கள். அந்த அறிவுக்கான பள்ளிக்கூடக் கதவு யாருக்குத் திறந்திருந்தது என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடுவார்கள். உயர்ந்தோர் என்று ஒரு பக்கம் வந்துவிட்டால் மறுபக்கமும் வந்தே தீரும். அது வெளிப்படையாக வந்தது 1960களின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தில்.

இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954இல் உருவானது. அதைச் சுற்றி எழுத வந்தவர்களில் டொமினிக் ஜீவா, கே. டானியல் போன்றோர் சாதி ஒடுக்குமுறையை நேரில் அனுபவித்தவர்கள். ஜீவா கஸ்தூரியார் வீதியில் குடும்பத்தின் முடிதிருத்தும் நிலையத்தில் வேலை செய்தவர். பின்னாளில் அவர் 1966இல் தொடங்கிய 'மல்லிகை' இதழும் அந்த நிலையத்திலிருந்தே வெளிவந்தது. இவர்கள் தங்கள் மனிதர்களைக் கதைக்குள் கொண்டுவந்தபோது அந்த மனிதர்கள் தங்கள் பேச்சோடு வந்தார்கள். மரபுப் பண்டிதர்களுக்கு அது பொறுக்கவில்லை. 'இழிசனர் வழக்கு' என்று பெயர் வைத்தார்கள். ஈழத்து இலக்கிய வரலாற்றில் 'மரபுப் போராட்டம்' என்று இன்றும் குறிப்பிடப்படுவது இந்தச் சண்டைதான். பேராசிரியர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் முற்போக்காளர் பக்கம் நின்று எழுதினார்கள்.

அந்த வசைச்சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'இழிசினன்' என்ற சொல் புறநானூற்றிலேயே வருகிறது. அங்கே அது குறிப்பது கட்டிலுக்கு வார் பின்னுகிறவனை, பறையை அறைகிற கோல் பிடித்தவனை. ஆக 'இழிசனர் வழக்கு' என்று சொன்ன பண்டிதர் இலக்கணத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. யார் தோலைத் தொட்டார்கள், யார் பறை அடித்தார்கள் என்ற பழைய கணக்கை அவர் கதைப் புத்தகத்தின் உரையாடலுக்குள் கொண்டுவந்தார். கோயில் வாசலில் மறித்ததும் தேநீர்க்கடையில் தனிக் குவளை வைத்ததும் இதே கணக்குத்தான். 1966 அக்டோபரில் தொடங்கி வடபகுதியில் நடந்த தீண்டாமை ஒழிப்புப் போராட்டங்களில் தேநீர்க்கடையும் கோயிலும்தான் களங்கள். டானியல் அந்த இயக்கத்தில் நின்றவர். 1972இல் வந்த அவருடைய 'பஞ்சமர்' நாவலுக்கு அந்தப் போராட்ட வாழ்க்கைதான் பொருள். தலைப்பு வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் என்ற ஐந்து சமூகங்களைச் சேர்த்துக் குறிப்பது.

யாழ்ப்பாணப் பேச்சில் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அங்கே ஒருவரை 'வா' என்று அழைக்கலாம், 'வாரும்' என்று அழைக்கலாம், 'வாங்கோ' என்றும் அழைக்கலாம். நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி. தமிழ்நாட்டுப் பேச்சில் நடுப்படி ஏறக்குறைய உதிர்ந்துவிட்டது. அங்கே அது உயிரோடு இருக்கிறது. இந்த மூன்று படிகளும் வயதையும் நெருக்கத்தையும் மட்டும் காட்டுவதில்லை. பத்து வயதுச் சிறுவன் அறுபது வயதுக்காரரைப் பெயர் சொல்லி 'வாடா' என்பதும், அந்த அறுபது வயதுக்காரர் அந்தப் பையனின் வீட்டாரை 'நயினார்', 'நாச்சியார்' என்பதும் பாக்கு நீரிணையின் இரு கரைக்கும் பொதுவான காட்சி. இதை எழுத ஒரு எழுத்தைக்கூடக் கோணலாக்க வேண்டியதில்லை. யார் யாரிடம் 'வா' என்றார், யார் 'வாரும்' என்றார், எந்த நாளில் ஒருவர் 'வாங்கோ'விலிருந்து 'வாரும்'க்கு இறங்கினார் என்று எழுதினால் சாதி தானாகத் தெரியும். ஒலியைத் திரித்துக் காட்டுவதைவிட, விளிக்கும் முறையைக் கூர்ந்து காட்டுவதே நல்ல உரையாடலின் முதல் வேலை என்று நாம் நினைக்கிறோம்.

தமிழ்நாட்டில் கதை வேறு மாதிரி நடந்தது. இங்கே பேச்சுவழக்கு கதைக்குள் வந்ததை யாரும் பெரிதாகத் தடுக்கவில்லை. ஆனால் பெயர் சூட்டுவதில் ஒரு தந்திரம் இருந்தது. தி. ஜானகிராமனின் பாத்திரங்கள் தஞ்சாவூர்ப் பிராமண வீட்டுத் தமிழில் பேசும். 'ஆத்துல', 'நேக்கு', 'வந்துண்டிருக்கேன்' எல்லாம் எழுத்துத்தமிழிலிருந்து 'வாரேன்', 'போறாக' எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம். ஆனாலும் அதை 'வட்டார வழக்கு' என்று யாரும் தனியாக எடுத்து வைப்பதில்லை. உரையாடல் என்ன அழகு, எவ்வளவு இயல்பு என்பார்கள். வட்டாரம் என்ற முத்திரை கரிசல், நாஞ்சில், கொங்கு என்று பிற மண்ணுக்கும் சாதிக்கும் போனது. சேரிக்கு வரும்போது அது 'கொச்சை' ஆனது. ஜானகிராமன் நன்றாக எழுதினார் என்பதில் நமக்கு மறுப்பில்லை. அவர் காதுக்குக் கிடைத்த மரியாதை மற்ற காதுகளுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

1979இல் பூமணியின் 'பிறகு' வந்தது. கரிசல் பூமியில் செருப்புத் தைக்கும் அழகிரி என்ற சக்கிலியர் அதன் மையம். அதில் வரும் பேச்சு எந்த விளக்கமும் இல்லாமல், வாசகரைப் பார்த்துக் கண் சிமிட்டாமல் நடக்கும். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது இன்னொரு எல்லை உடைந்தது. அதுவரை உரையாடல் பேச்சுத்தமிழில் இருக்கும், கதை சொல்லும் குரல் எழுத்துத்தமிழில் இருக்கும். மேற்கோள் குறி ஒரு வேலி மாதிரி நிற்கும். வேலிக்கு உள்ளே 'அவர்கள்', வெளியே 'நாம்', அதாவது படித்த ஆசிரியரும் படித்த வாசகரும். 'கருக்கு' கதை சொல்லும் குரலையே ஊர்ப்பேச்சில் வைத்தது. வேலி போய்விட்டது. கதை சொல்பவரே இப்படிப் பேசும்போது பாத்திரம் இப்படிப் பேசுவதைப் பார்த்துச் சிரிக்க வாசகருக்கு நிற்க இடமில்லை. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய அந்த ஆண்டுகளில் எழுந்த தலித் எழுத்தின் மொழிச் சாதனையில் இதுதான் பெரியது என்று சொல்லத் தோன்றுகிறது. இரண்டு ஆண்டு கழித்து 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' புதிரை வண்ணார் பெண்ணான ஆரோக்கியத்தின் வாழ்க்கையைச் சொன்னது. கதை நடப்பது சேரிக்குள். அதனால் சேரிக்குள்ளேயே யார் யாரை எப்படி விளித்தார்கள், யார் குனிந்து பேசினார்கள் என்பதும் அச்சில் வந்தது. அது நம்மில் பலரைச் சங்கடப்படுத்தியது. சங்கடப்படுத்தட்டும்.

இந்த இடத்தில் நம் பக்கத்திலிருந்தே வந்த ஒரு எதிர்ப்பையும் சொல்ல வேண்டும். "நம் பிள்ளைகள் படித்து முன்னேறி வரும்போது, நம் சனங்களை எப்போதும் இந்தப் பேச்சிலேயே வைத்துக் காட்டுகிறீர்களே. நாம் நல்ல தமிழ் பேசமாட்டோமா?" என்று கேட்கிற பெரியவர்கள் இன்றும் உண்டு. அயோத்திதாசர் நடத்திய 'தமிழன்' இதழைப் புரட்டியவர்களுக்கு இந்தக் கேள்வியின் நியாயம் தெரியும். நூறு ஆண்டுக்கு முன்பே அழுத்தமான எழுத்துத்தமிழில் இலக்கணமும் வரலாறும் பேசிய மரபு நம்முடையது. ஆகவே தலித் பாத்திரம் என்றாலே கொச்சையாகத்தான் பேச வேண்டும் என்பதும் ஒரு கேலிச்சித்திரம்தான். அதே பெண் வயலில் ஒரு மாதிரிப் பேசுவாள், மகளிர் குழுக் கூட்டத்தில் வேறு மாதிரிப் பேசுவாள், மனு எழுதச் சொல்லும்போது "கோருகிறேன்" என்ற சொல்லையும் பயன்படுத்துவாள். மாறாமல் ஒரே சுதியில் பேசுகிற மனிதர் கதைகளில் மட்டும்தான் இருக்கிறார்.

மொழிக் கலப்புக்கு வருவோம். இதில் மிக அதிகமாகக் கேலிக்கு ஆளானது சென்னைப் பேச்சு. 1958இல் வந்த 'சபாஷ் மீனா'வில் சந்திரபாபு ரிக்‌ஷாக்காரராகப் பேசிய பேச்சுக்கு அரங்கம் சிரித்தது. அதன் பிறகு சென்னைப் பேச்சு சினிமாவில் நகைச்சுவை நடிகரின் சொத்து, அல்லது அடியாளின் சொத்து. காதலிக்கிறவன், துக்கப்படுகிறவன், சட்டம் பேசுகிறவன் அதில் பேசமாட்டான். எழுத்தில் ஜெயகாந்தன் அதே பேச்சில் குடிசைவாசிகளை அழவும் சண்டை போடவும் யோசிக்கவும் வைத்தார். அவர் குறுக்கே வந்து உபதேசம் செய்கிற இடங்கள் நமக்கு உவப்பில்லை. ஆனால் அவர் பாத்திரங்கள் சிரிப்புக் காட்டுவதற்காகப் பேசவில்லை. சினிமா அந்த இடத்துக்கு வர 'அட்டகத்தி', 'மெட்ராஸ்' காலம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சென்னைப் பேச்சைக் 'கலப்படம்' என்று சொல்கிறவர்களிடம் அதன் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் காட்டலாம். 'பேஜார்' பாரசீக வழி உருதுவிலிருந்து வந்தது. 'கலீஜ்' அரபியில் புறப்பட்டு உருது வழியே வந்தது. அதே வழியில்தான் 'வக்கீல்', 'தாசில்தார்', 'ஜாமீன்' எல்லாம் வந்தன. அவை கோட்டு போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போய்விட்டன; 'பேஜார்' மட்டும் குப்பத்தில் தங்கிவிட்டது. 'துட்டு' டச்சுக்காரர்களின் செப்புக்காசுப் பெயர். 'நைனா' தெலுங்கு. எல்லாவற்றையும்விட வேடிக்கை 'கஸ்மாலம்'. திட்டுவதற்கென்றே குப்பத்தில் பிறந்த சொல் என்று நினைக்கிறார்கள். அது சமஸ்கிருதம். பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கிருஷ்ணன் அர்ச்சுனனின் மனத்தளர்ச்சியைக் குறிக்க அதே சொல்லைப் பயன்படுத்துகிறான். ஆக, எந்த மொழி கலந்தது என்பதை யாரும் பார்க்கவில்லை. எந்த வாய் கலந்தது என்றுதான் பார்த்திருக்கிறார்கள்.

கேலி எப்படி உண்டாகிறது என்பதையும் இங்கே பிடித்துவிடலாம். நிஜமாகச் சென்னையில் ஒருவர் ஐந்து நிமிடம் பேசினால் 'பேஜார்' ஒரு தடவை வரலாம், வராமலும் போகலாம். கேலி எழுத்தாளர் பத்துப் பன்னிரண்டு சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு இரண்டாகத் தூவுவார். சொல் உண்மை, அடர்த்தி பொய். இரண்டாவது, எல்லாருக்கும் பொதுவான ஒலி மாற்றத்தை ஒருவருக்கு மட்டும் எழுதிக் காட்டுவது. தென்மாவட்டங்களில் 'ழ' பெரும்பாலும் 'ள' ஆகிறது; சென்னைப் பக்கம் 'ய' ஆகிறது. அந்தந்த ஊரில் பல சாதியாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அச்சில் "வாயப்பயம்" யார் வாயில் வருகிறது என்று பாருங்கள்.

இனி ஒரு காட்சியை எடுத்து வேலை செய்து பார்ப்போம். விருதுநகர் பக்கம் ஒரு தாலுகா அலுவலகம். மகளின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க ஒரு தாய் மூன்றாம் முறையாக வந்திருக்கிறார். நாம் வழக்கமாகப் படிக்கிற பாணியில் அது இப்படி இருக்கும்:

"சாமீ... எம் மவ காலேசுக்குப் போவுதுங்க. சர்ட்டிபிட்டு ஓணுமுங்க. மூணு தபா வந்துட்டேனுங்க."

"இன்று அதிகாரி இல்லை. நாளை வாருங்கள்."

முதல் வரியை ஊர் தெரிந்த யாராவது படித்தால் உடனே சிரிப்பார்கள், அல்லது கோபப்படுவார்கள். 'ஓணும்', 'தபா' சென்னைப் பக்கம். ஒவ்வொரு வினையிலும் ஒட்டிக்கொண்ட 'ங்க' கொங்குப் பக்கம். விருதுநகரில் இல்லாத ஒரு பெண்மணியின் வாயில் மூன்று மாவட்டம் சேர்ந்துவிட்டது. ஊரைக் கேட்டு எழுதாமல், 'ஏழை, படிக்காதவள்' என்ற பொதுப்புத்தியைக் கேட்டு எழுதினால் இப்படித்தான் வரும். எழுத்தர் பேசுவதோ செய்தி அறிக்கை. அவர் நிஜத்தில் இப்படிப் பேசினால் அலுவலகமே திரும்பிப் பார்க்கும்.

இதற்குப் பயந்து இன்னொரு கோடிக்குப் போகிறவர்கள் உண்டு. "ஐயா, என் மகள் கல்லூரியில் சேரவிருக்கிறாள். சான்றிதழுக்காக மூன்று முறை வந்துவிட்டேன்" என்று எழுதுவார்கள். இதில் அவமானம் இல்லை. ஆளும் இல்லை.

நாம் இப்படி எழுதிப் பார்க்கலாம்:

"மூணாவது தடவையா வாரேன் சார்."

"தாசில்தார் கேம்ப் போயிருக்காரும்மா. நாளைக்கு வாங்க."

"நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்னீக. நாளைக்குக் காலேஜ்ல கடைசித் தேதி. வி.ஏ.ஓ. முடிச்சுட்டாரு, ஆர்.ஐ. லாகின்லதான் நிக்குதுன்னு இ-சேவையில சொல்றாக."

"அதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"எம் மக. அவதான் பாத்துச் சொன்னா."

இதில் என்ன செய்தோம்? அந்தத் தாய்க்கு 'வாரேன்', 'சொன்னீக', 'சொல்றாக', 'எம் மக' என்று நாலைந்து வடிவங்கள் மட்டும் கொடுத்தோம். 'ஈக', 'ஆக' என்ற வினைமுடிவு அந்த மண்ணைச் சொல்லிவிடுகிறது. அதைத் தவறாமல் ஒரே மாதிரி எல்லா இடத்திலும் வைத்தால் போதும். 'இம்புட்டு', 'பெறகு' எல்லாம் கையிருப்பில் இருக்கட்டும், தேவை வந்தால் வரும். எழுத்தரையும் திருத்தவில்லை. அவர் 'போயிருக்காரும்மா', 'குடுத்தது' என்கிறார். இருவருக்கும் ஒரே அளவுகோல்.

ஆங்கிலச் சொற்களில் இந்த அளவுகோல் இன்னும் முக்கியம். அவர் 'கேம்ப்' என்கிறார், அவள் 'லாகின்' என்கிறாள். அவள் சொல்வதை 'லாக்கினு' என்று எழுத ஒரு கை அரிப்பு வரும். எழுத்தர் மட்டும் இங்கிலாந்து உச்சரிப்பிலா சொல்கிறார்? ஒருவருடைய ஆங்கிலத்தை வழக்கமான எழுத்தில் போட்டால் மற்றவருடையதையும் அப்படியே போட வேண்டும். சாதிச் சான்றிதழுக்கு அலைந்த வீடுகளில் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., லாகின் என்ற சொற்கள் தாய்மொழி மாதிரி ஆகிவிட்டன. இணைய சேவை மையத்தில் பதிந்த விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஏறித்தான் வட்டாட்சியரிடம் போகிறது என்பது அவளுக்குத் தெரியும். இந்த ஆங்கிலச் சொற்களை எடுத்துவிட்டு 'நல்ல' நாட்டுப்புறப் பேச்சை வைத்தால் அவளுடைய அறிவையே எடுத்துவிட்டதாகும்.

காட்சியின் நெம்புகோல் எது என்று கவனித்திருப்பீர்கள். எழுத்தர் முதலில் 'வாங்க' என்கிறார். அவள் எந்த மேசையில் கோப்பு நிற்கிறது என்று சொன்னவுடன் 'உனக்கு' என்று இறங்குகிறார். சாதி அங்கே தெரிகிறது. அவள் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. 'சார்' என்ற சொல்லை மட்டும் கடைசி வரியில் விட்டுவிடுகிறாள். அதை ஆசிரியர் விளக்கி ஒரு வாக்கியம் எழுதினால் கெட்டது.

எழுதி முடித்ததும் இரண்டு சோதனை செய்யலாம். எழுத்தர் பேசுவதைத் தாய்க்கு வைத்த அதே எழுத்துமுறையில் மாற்றி எழுதிப் பாருங்கள். அவர் திடீரெனக் கோமாளியாகத் தெரிந்தால், தாயை ஏற்கெனவே கோமாளியாக்கிவிட்டீர்கள். பிறகு, அந்த ஊர்க்காரர் ஒருவரிடமும் வேறு மாவட்டத்துக்காரர் ஒருவரிடமும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஊர்க்காரர் "இப்படிச் சொல்லமாட்டோமே" என்று நிற்கிற இடம் பொய். வெளியூர்க்காரர் ஒரே சொல்லுக்கு இரண்டு முறை கண்ணைத் திருப்புகிற இடம் தேவையில்லாத திரிபு. தமிழ் எழுத்தே பாதி வேலையைச் செய்துவிடும். ஒரே 'க'வை நாம் இடத்துக்கேற்ப மூன்று விதமாக ஒலிக்கிறோம். எனவே ஒலியை முழுக்க எழுதிக் காட்ட வேண்டிய அவசியம் நம் மொழியில் மிகக் குறைவு.

வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்களை எழுதுவது இதைவிடக் கடினம். மேற்கு மாவட்டங்களில் அருந்ததியர் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுப் பேச்சு தெலுங்கு. தெருவில் தமிழ், பள்ளியில் எழுத்துத்தமிழ், விடுதிக்குப் போன பிள்ளையிடம் ஆங்கிலம். தமிழ்க் கதைகளில் இந்த வீடுகள் பெரும்பாலும் முழுத் தமிழிலேயே பேசுகின்றன. அல்லது சினிமாவில் வருகிற மாதிரி, தெலுங்கு என்பதைச் சிரிப்புக்கான இழுவையாக்கிவிடுகிறார்கள்.

விடுதியிலிருந்து ஊருக்கு வந்த பேரனைப் பாட்டி "ஏமிரா, தின்னாவா?" என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மொழிபெயர்த்துத் தருவோம் என்று ஆசிரியர் "என்னடா, தின்றாயா?" என்று எழுதினால் பாட்டி கடுகடுப்பானவளாகிவிடுகிறாள். தெலுங்கில் 'தினு' என்பது உண்பதற்கான சாதாரணச் சொல். எழுத்துத்தமிழுக்குப் பழகிய காதில் 'தின்' என்பது மாட்டுக்கும் வசைக்கும் உரியது. ஒரே வேர், இரு மொழியில் இரு மரியாதை. சொல்லுக்குச் சொல் மாற்றியதில் ஒரு பாசம் அதட்டலாகிவிட்டது. அடைப்புக்குறிக்குள் பொருள் போட்டாலும் பாட்டி காட்சிப்பொருள் ஆகிவிடுவாள். பதிலை வைத்துப் பொருளைத் தரலாம்:

"ஏமிரா, தின்னாவா?"

"சாப்டேன் அவ்வா. மெஸ்ல இட்லி போட்டாங்க."

"என்னமோ மெஸ்ஸு. ரா, கூச்சோ."

பேரன் பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

தெலுங்கு தெரியாதவருக்கும் இங்கே ஒன்றும் தவறிப்போகவில்லை. அவ்வா என்பது பாட்டி என்று பேச்சே சொல்லிவிடுகிறது. 'ரா, கூச்சோ' என்பதன் பொருளைப் பேரன் பாயில் உட்கார்ந்து சொல்லிவிடுகிறான். பாட்டி கேட்பது தெலுங்கில், பேரன் பதில் தமிழில், நடுவில் பாட்டியும் தமிழுக்கு வந்து போகிறாள். இரண்டு தலைமுறைக்கு நடுவே மொழி மாறிக்கொண்டிருக்கிறது என்பதும் அந்த மூன்று வரியில் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் அதே பேரன் விடுதி நண்பனிடம் போனில் பேசும்போது 'அவ்வா' என்று சொல்வானா, 'பாட்டி' என்று சொல்வானா என்பதை எழுதுகிறவர் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.